‘அனைத்தையும் மாற்று’ அழுத்துவதற்கு முன்: பத்து வரிப் பயிற்சிக் கோப்பும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலும்

கரும்பலகை | ஜூன் 9, இரவு 8:40

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்குத் ‘தேடி மாற்று’ எடுக்கிறேன். Ctrl+H அழுத்த எல்லாருக்கும் தெரியும். அழுத்தினால் எது உடையும் என்பதுதான் தெரியாது. அதற்காகவே ஒரு கோப்பு எழுதினேன். பத்து வரிக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தேன், ஏனென்றால் சரியான விடை என்ன என்பதைக் கண்ணால் படித்தே சொல்லிவிட முடிய வேண்டும்.

```
01 மணி வரவில்லை, சாவி மணியிடம் உள்ளது.
02 கூட்டம் 10 மணிக்குத் தொடங்கும்.
03 பட்டியலை மணிக்கு அனுப்புங்கள்.
04 மணிமேகலை, கண்மணி இருவரும் விடுப்பு.
05 மணியின் அறை எண் 12; பழைய எண் 112.
06 வேலன் நாளை வருவார்.
07 ஒரு மணி நேரம் இடைவேளை.
08 கோப்பு: mani_12.txt
09 அம்மணி, மணியை அழைத்து வாருங்கள்.
10 மணிகண்டன் கணக்கை முடித்தார்.
```

வேலை இதுதான்: மணி என்பவர் மாற்றலாகிப் போகிறார், அவர் இடத்துக்கு வேலன் வருகிறார். மணி என்ற அந்த ஆள் வரும் இடமெல்லாம் வேலன் ஆக வேண்டும். வேறு ஒரு எழுத்தும் மாறக் கூடாது. கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் மாணவர்கள் தாளில் இரண்டு எண் எழுத வேண்டும்: எத்தனை இடம் மாற வேண்டும், எத்தனை இடம் அப்படியே நிற்க வேண்டும்.

பொறிகள் போதுமா, அதிகமா? கூடவே கொடுக்கும் சரிபார்ப்புப் பட்டியலில் என்ன இருக்க வேண்டும்?

எக்செல் அன்பு | ஜூன் 9, இரவு 9:15

இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? மாற்று பெட்டியில் Options திறந்து Match entire cell contents டிக் போட்டால் முடிந்தது. எங்கள் அலுவலகத்தில் மதிப்பெண் ஷீட் ஒன்று என்னிடம் சரிசெய்ய வந்தது. 0 இருக்கும் இடத்தில் ‘வரவில்லை’ என்று போட வேண்டும். முன்னால் பார்த்தவர் அந்த டிக் இல்லாமல் Replace All கொடுத்திருக்கிறார். 80 எல்லாம் ‘8வரவில்லை’, 100 ‘1வரவில்லைவரவில்லை’. சேமித்து மூடியும் விட்டார்கள், Ctrl+Z-க்கு வழியில்லை. பழைய பிரதி ஒன்று மெயிலில் இருந்ததால் பிழைத்தோம்.

எக்செலில் இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நட்சத்திரக் குறியை நீக்க வேண்டும் என்று தேடும் கட்டத்தில் * மட்டும் போட்டு, மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டால் ஷீட்டே காலியாகிவிடும். அங்கே * என்றால் ‘எதுவானாலும்’. குறியையே தேட ~* என்று அடிக்க வேண்டும்.

கரும்பலகை | ஜூன் 9, இரவு 9:30

அன்பு சார், என்னுடையது ஓடும் உரை. செல் கிடையாது, அதனால் அந்த டிக்கும் கிடையாது. ஆனால் உங்கள் 80 கதையைத்தான் ஐந்தாம் வரியில் 12, 112 என்று வைத்திருக்கிறேன். அறை எண் 12-ஐ 15 ஆக்கச் சொன்னால் 112 115 ஆகிவிடும், எட்டாம் வரியில் கோப்பின் பெயரும் மாறும், பிறகு அந்தப் பெயரில் கோப்பு கிடைக்காது. அது இரண்டாம் சுற்று.

ஒவ்வொன்றாய் | ஜூன் 10, காலை 6:50

Replace All பட்டனையே தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். Find Next, பார், Replace, Find Next. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பட்டியலே தேவையில்லை. நான் இத்தனை வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

மெய்ப்பு மேசை | ஜூன் 10, காலை 10:20

ஒவ்வொன்றாய் சொல்வதில் பாதி சரி. பத்து வரிக்கு அது போதும். அறுநூறு பக்கப் புத்தகத்தில் முந்நூறு இடம் வந்தால், ஐம்பதாவது இடத்துக்கு அப்புறம் கை தானாக அழுத்தும், கண் பார்க்காது. சில எடிட்டர்களில் Replace அழுத்தியதுமே அடுத்த இடத்துக்குத் தாவிவிடும். இரண்டு தடவை சேர்த்து அழுத்திவிட்டால் இரண்டாவது இடம் யாரும் பார்க்காமலே மாறியிருக்கும். கர்சர் கோப்பின் நடுவில் இருக்கும்போது தொடங்கி, கடைசிக்கு வந்ததும் நிறுத்திவிட்டால் மேல்பாதி அப்படியே கிடக்கும்.

இப்போது கோப்புக்கு வருவோம். நான் உட்கார்ந்து எண்ணினேன். ‘மணி’ என்ற எழுத்துத்தொடர் 11 இடத்தில் இருக்கிறது. ஆள் மணி 5: ஒன்றாம் வரியில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஒன்பதில் ஒன்று. மீதி 6: பத்து மணிக்கு, மணிமேகலை, கண்மணி, ஒரு மணி நேரம், அம்மணி, மணிகண்டன்.

சும்மா Replace All கொடுத்தால் ‘10 வேலன்க்குத் தொடங்கும்’, ‘கண்வேலன்’, ‘வேலன்கண்டன்’ என்று வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிட முக்கியமானது அதன் பிறகு. மறுபடி ‘மணி’ என்று தேடச் சொல்லுங்கள். 0 என்று வரும். ‘ஒன்றும் மிச்சமில்லை, வேலை சுத்தம்’ என்று எல்லாரும் நினைப்பது அங்கேதான். இந்தக் கோப்பில் 0 வந்தால் தவறு. சரியாகச் செய்தவருக்கு 6 மிச்சம் இருக்கும். ஆகவே தாளில் எழுதும் இரண்டாவது எண்தான் உங்கள் பயிற்சியின் உயிர். அதை விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் வரியில் ஏற்கெனவே ஒரு வேலன் இருக்கிறாரே, அதையும் தெரிந்துதான் வைத்தீர்கள் என்று நினைக்கிறேன்.

கரும்பலகை | ஜூன் 10, பகல் 1:05

ஆமாம், தெரிந்துதான். தப்பாக மாற்றிவிட்டோம், வேலன் என்பதை மறுபடி மணி ஆக்கினால் பழையபடி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. Replace All-க்குப் பிறகு கோப்பில் வேலன் 12. திருப்பி மாற்றினால் பன்னிரண்டும் மணி ஆகும், ஆறாம் வரி ‘மணி நாளை வருவார்’ என்று நிற்கும். படிக்க ஒரு தவறும் தெரியாது. அதனால் பட்டியலில் ‘புதிய சொல் கோப்பில் முன்பே இருக்கிறதா என்று தேடு’ என்பது கட்டாயம் வரும்.

கட்டளைவரி | ஜூன் 10, மாலை 5:30

11 எங்கிருந்து வந்தது? எனக்கு 8 தான் வருகிறது.

```
$ grep -c 'மணி' payirchi.txt
8
```

மெய்ப்பு மேசை | ஜூன் 10, மாலை 5:55

-c வரிகளைத்தான் எண்ணும், இடங்களை அல்ல. ஒன்று, நான்கு, ஒன்பது ஆகிய வரிகளில் இரண்டிரண்டு இருக்கின்றன, அந்த மூன்றும் விடுபட்டுவிட்டன.

```
$ grep -o 'மணி' payirchi.txt | wc -l
11
```

இதையும் வகுப்பில் காட்டலாம். கருவி சொல்லும் எண் எதன் எண் என்று கேட்காமல் ஒப்பிடக் கூடாது.

கட்டளைவரி | ஜூன் 10, மாலை 6:02

சரி, 11. ஆனால் முழுச்சொல் தேர்வை ஆன் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுமே? அதற்குத்தானே அந்தத் தேர்வு இருக்கிறது?

மெய்ப்பு மேசை | ஜூன் 10, இரவு 9:40

இந்தக் கோப்பில் முயன்று பாருங்கள். தமிழ்க் குறிகளை எழுத்தாகவே மதிக்கும் எடிட்டராக இருந்தால் முழுச்சொல் ‘மணி’ 2 இடத்தில் கிடைக்கும்: ஒன்றாம் வரியின் தொடக்கம், ஏழாம் வரியின் ‘ஒரு மணி நேரம்’. இரண்டில் ஒன்று தவறான இடம். மாற்ற வேண்டிய ஐந்தில் நான்கு கண்ணிலேயே படாது, ஏனென்றால் மணியிடம், மணிக்கு, மணியின், மணியை எல்லாம் நம் மொழியில் ஒட்டியே வருகின்றன. வேற்றுமை உருபு தனிச்சொல்லாக நிற்காது.

நிரல் எழுதுபவர்கள் முழுச்சொல்லுக்கு \b போடுவார்கள். பைத்தானின் re-இல் அது இன்னும் விசித்திரம்.

```
>>> import re
>>> t = open('payirchi.txt', encoding='utf-8').read()
>>> len(re.findall(r'\bமணி\b', t))
7
```

அந்த ஏழில், மேலே சொன்ன இரண்டு தனி ‘மணி’யும் இல்லை! re-யைப் பொறுத்தவரை ‘ண’ எழுத்து, அதன்மேல் ஏறும் ‘ி’ எழுத்தல்ல. அதனால் ‘மணி’ முடிந்து இடைவெளி வந்தால் அங்கே அதற்குச் சொல்லெல்லை கிடையாது. ‘ி’-க்கு அடுத்து ‘ய’ வந்தால் எல்லை உண்டு. ஆக மணியிடம், மணிமேகலை, மணிகண்டன் அகப்படும், வெறும் மணி அகப்படாது. புள்ளியிலும் இதே கதை:

```
>>> re.findall(r'\bகல்\b', 'கல் விழுந்தது')
[]
>>> re.findall(r'\bகல்\b', 'கல்வி')
['கல்']
```

எதைப் பிடிக்கக் கூடாதோ அதைப் பிடிக்கிறது. நிரலில்தான் செய்தாக வேண்டுமென்றால் எல்லையை நாமே எழுதிவிட வேண்டும்: முன்னும் பின்னும் தமிழ் எழுத்தோ குறியோ இருக்கக் கூடாது என்று.

```
(?<![\u0B80-\u0BFF])மணி(?![\u0B80-\u0BFF])
```

இது 2 தரும். எடிட்டர் தரும் அதே 2.

கட்டளைவரி | ஜூன் 10, இரவு 10:10

\b பற்றி இது தெரியாது. என் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை இன்றே திறந்து பார்க்கப் போகிறேன்.

புதுமாணவி | ஜூன் 11, காலை 7:25

எனக்கு ஒரு சந்தேகம். 11 கொடுத்தாலும் தப்பு, 2 கொடுத்தாலும் தப்பு, 7 கொடுத்தாலும் தப்பு என்றால் 5-ஐ எப்படித்தான் எடுப்பது? கடைசியில் ஒவ்வொன்றாய் அண்ணன் சொன்ன மாதிரி கையாலேயே செய்துவிட வேண்டியதுதானா?

மெய்ப்பு மேசை | ஜூன் 11, காலை 9:00

நல்ல கேள்வி. ஒரே தேடலில் எடுக்க முடியாது. ஒரு பெயரை மாற்றும்போது நான் செய்வது இது. முதலில் எதையும் மாற்றாமல் ‘மணி’ என்று தேடி, என்னென்ன உருவத்தில் வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். பிறகு நீளமான உருவத்திலிருந்து தொடங்குவேன்.

‘மணியிடம்’ தேடினால் 1. அது ஆள்தான். ‘வேலனிடம்’ என்று முழு உருவமாகவே மாற்றுவேன். வேர்ச்சொல்லை மட்டும் மாற்றினால் ‘வேலன்யிடம்’ என்று நிற்கும். யகரம் மணிக்கு உரியது, வேலனுக்கு வேண்டாம். அதே மாதிரி ‘மணியின்’ 1, ‘வேலனின்’. ‘மணியை’ 1, ‘வேலனை’. இந்த மூன்றுக்கும் Replace All தாராளமாகக் கொடுக்கலாம், ஏனென்றால் எத்தனை மாறும் என்று முன்பே தெரியும், அது சந்தேகமில்லாத உருவம். பெரிய கோப்பில் ‘கண்மணியை’ என்று வந்திருக்கலாம், அதனால் அங்கே பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும்.

‘மணிக்கு’ 2 இடம். ஒன்று ஆள், ஒன்று நேரம். எந்தக் கருவிக்கும் இது தெரியாது. இங்கேதான் ஒவ்வொன்றாய் பார்க்க வேண்டும்: ‘10 மணிக்கு’ விடு, ‘மணிக்கு அனுப்புங்கள்’ என்பதை ‘வேலனுக்கு’ ஆக்கு. கடைசியாக முழுச்சொல் ‘மணி’, 2 இடம், அதிலும் ஒன்றுதான் ஆள்.

ஆக ஐந்தில் மூன்று தானாக, இரண்டு கண்ணால். கண்ணுக்கு நான்கு இடம் பார்க்கும் வேலைதான் மிச்சம், பதினொன்று அல்ல. முந்நூறு இடம் இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டியது இப்படித்தான் சுருங்கும்.

ஒவ்வொன்றாய் | ஜூன் 11, காலை 9:45

பிரித்துச் செய்வதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்றுக்கும் நான் Replace All கொடுக்க மாட்டேன். ‘கண்மணியை’ என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் ‘சந்தேகமில்லாத உருவம்’ எது என்று எப்படித் தெரியும்?

கரும்பலகை | ஜூன் 11, இரவு 8:20

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வகுப்பு. நாளை மறுநாள் எடுக்கிறேன். பட்டியலின் முதல் வரைவு:

```
[ ] கோப்பின் பிரதி எடுத்தேன். பிரதியில்தான் வேலை.
[ ] புதிய சொல்லைத் தேடினேன். முன்பே ____ இடம்.
[ ] பழைய சொல்லைத் தேடினேன். மொத்தம் ____ இடம்.
[ ] மாற வேண்டியவை ____ , நிற்க வேண்டியவை ____ .
[ ] நீள உருவம் முதலில், தனிச்சொல் கடைசியில்.
[ ] பிறகு தேடினேன். பழையது ____ , புதியது ____ .
[ ] மூலத்தோடு ஒப்பிட்டேன். மாறிய வரிகள் ____ .
```

காலி இடத்தை வேண்டுமென்றேதான் வைத்தேன். வெறும் டிக் மட்டும் இருந்தால் எதையும் பார்க்காமல் வரிசையாக டிக் அடித்துவிடுவார்கள். எண் எழுத வேண்டுமென்றால் தேடித்தான் ஆக வேண்டும்.

கட்டளைவரி | ஜூன் 12, காலை 8:10

கடைசி வரிக்கு diff போதும். சரியாகச் செய்திருந்தால் 1, 3, 5, 9 ஆகிய நான்கு வரிகள் மட்டும் வரும். ஐந்து இடம், நான்கு வரி. வரி எண்ணிக்கையையும் இட எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று முந்தாநாள்தான் படித்தேன், அதையும் சேர்த்துவிடுங்கள்.

```
$ diff moolam.txt pirathi.txt | grep -c '^<'
4
```

கரும்பலகை | ஜூன் 13, இரவு 9:10

வகுப்பு முடிந்தது. முதலில் பிரதியில் Replace All கொடுத்துச் சேதத்தைப் பார்க்க விட்டேன். ‘கண்வேலன்’ நன்றாக எடுபட்டது. நான் எதிர்பாராத இடம் வேறு. தாளில் ‘மாற வேண்டியவை’ என்ற இடத்தில் பலர் 4 எழுதினார்கள். மூன்றாம் வரியின் ‘பட்டியலை மணிக்கு அனுப்புங்கள்’ என்பதை நேரம் என்று எடுத்துக்கொண்டார்கள், இரண்டாம் வரியில் ‘10 மணிக்கு’ படித்த கையோடு படித்ததால். வரிசையை மாற்றிவைத்தால் இது குறையும். ஆனால் மாற்ற எனக்கு மனமில்லை. நிஜக் கோப்பில் இந்தக் குழப்பம் அப்படியேதான் வரும்.

இன்னொன்று, ‘புதியது ____’ என்ற இடத்தில் சண்டையே வந்துவிட்டது. வேலை சரியாக முடித்த இரண்டு மாணவர்களில் ஒருத்தி 2 என்றாள், ஒருவன் 6 என்றான்.

மெய்ப்பு மேசை | ஜூன் 13, இரவு 10:00

இருவரும் சரி! ‘வேலன்’ என்று புள்ளியோடு தேடினால் ஒன்றாம் வரியும் ஆறாம் வரியும்தான். வேலனிடம், வேலனுக்கு, வேலனின், வேலனை ஆகியவற்றில் புள்ளி கிடையாது. ‘வேலன’ என்று புள்ளி இல்லாமல் தேடினால் எல்லாம் அகப்படும்: முன்பிருந்த 1, மாற்றிய 5, மொத்தம் 6. எளிய உரை எடிட்டர் குறியீடு குறியீடாகத்தான் ஒப்பிடுகிறது, ‘ன’-வுக்குப் பிறகு என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்காது. ஒட்டு ஏறும் பெயரை எண்ணுவதற்கு இது வசதி. மாற்றுவதற்கு ஆபத்து: ‘பல’ என்பதைச் ‘சில’ ஆக்கினால் ‘பலி’ ‘சிலி’ ஆகும், எழுத்தின் பாதியில் வெட்டி ஒட்டிவிடும்.

பட்டியலில் ‘எந்த வடிவத்தைத் தேடினேன்’ என்று எழுத ஒரு இடம் விடுங்கள். எண் மட்டும் போதாது.

எக்செல் அன்பு | ஜூன் 14, காலை 7:00

டீச்சர், கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தும் தேடலில் சிக்காத சொல்லையும் ஒரு வரியாகப் போடலாமே. எங்கள் பட்டியலில் ‘பொன்னி’ என்று தேடினால் சில வரி வரவே வராது. ஃபாண்ட் பிரச்சினை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

மெய்ப்பு மேசை | ஜூன் 14, காலை 9:30

ஃபாண்ட் இல்லை. ‘ொ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ‘ெ’ ஒன்று ‘ா’ ஒன்று என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது.

```
>>> a = '\u0b95\u0bca'
>>> b = '\u0b95\u0bc6\u0bbe'
>>> a == b
False
>>> import unicodedata
>>> unicodedata.normalize('NFC', b) == a
True
```

தேடுவதற்கு முன் கோப்பு முழுவதையும் NFC ஆக்கிவிட்டால் இது தீரும். ‘கௌரி’ என்பதற்குப் பதில் ‘கெளரி’ என்று ளகரம் போட்டு அடித்திருந்தால் தீராது, அது வேறு எழுத்து. இரண்டையும் தனித்தனியாகத் தேடத்தான் வேண்டும்.

கரும்பலகை | ஜூன் 14, இரவு 7:45

இதை இந்தக் கோப்பில் சேர்க்க மாட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு மணியும் மணிக்குவும் போதும். பதினொன்றாம் வகுப்புக்குத் தனிக் கோப்பு போடுகிறேன், அதில் \b-யும் ‘ொ’-வும் வரட்டும். அன்பு சார், அந்தப் பட்டியலில் பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டு நான்கைந்து வரி மட்டும் இங்கே ஒட்ட முடியுமா? நகலெடுத்து ஒட்டினால் குறியீடு மாறாமல் வர வேண்டும், படமாக எடுத்துப் போடாதீர்கள்.

ஒவ்வொன்றாய் | ஜூன் 14, இரவு 8:30

ஆறாம் வரி இன்னும் எனக்கு உறுத்துகிறது. மாற்றி முடித்த கோப்பில் இரண்டு வேலன். ‘வேலன் நாளை வருவார்’ என்பது பழைய வேலனா, மணி இடத்துக்கு வந்தவரா? எண்ணிக்கை எல்லாம் சரியாக வந்தாலும் படிப்பவருக்குப் புரியாது. முதலில் ஆறாம் வரிக்கு முதலெழுத்துச் சேர்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும்.

கரும்பலகை | ஜூன் 14, இரவு 8:50

‘வேறு ஒரு எழுத்தும் மாறக் கூடாது’ என்பது பணியில் எழுதியிருக்கிறது. மாணவர் தானாக ஆறாம் வரியைத் தொட்டால் அதைத் தவறு என்றுதான் குறிப்பேன். பணி கொடுத்தவரிடம் போய்க் கேட்டால் முழு மதிப்பெண்.

ஒவ்வொன்றாய் | ஜூன் 14, இரவு 8:58

யாராவது கேட்டார்களா?

கரும்பலகை | ஜூன் 14, இரவு 9:05

ஒருத்தி கேட்டாள். அந்த 2-ஆ 6-ஆ சண்டையில் 2 என்று சொன்னவள்.